வயிற்று வலி என்று அழைக்கிறார்கள், வயிறோ மெத்தென்று இருக்கிறது: வேறு எங்கே பார்த்து அன்றே அனுப்புவது?

மலையடி_செவிலி
துணை சுகாதார நிலையத்தில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. பயிற்சியில் தந்த அட்டையில் அபாய அறிகுறிகள் தலை, கண், மார்பு, வயிறு, கால் என்று வரிசையாக இருக்கின்றன. ஆனால் வீட்டில் கூப்பிடுகிறவர்கள் அந்த வரிசையில் கூப்பிடுவதில்லை. பத்தில் பாதி அழைப்பு "வயித்த வலிக்குது, வாந்தி எடுக்குறாங்க" என்பதுதான். போய்த் தொட்டுப் பார்த்தால் வயிறு மெத்தென்று இருக்கும். சரி, காலையில் ஓ.பி.க்கு வாங்க என்று சொல்லத் தோன்றுகிறது. வயிற்றைக் காட்டி அழைத்தாலும் உடம்பின் வேறு இடத்தில் பார்த்தே ஆக வேண்டியவை எவை? எதைப் பார்த்தால் மறுநாளைக்குத் தள்ளக் கூடாது? எங்கள் ஊரிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் 9 கி.மீ., தாலுகா மருத்துவமனை 34 கி.மீ.

அவசரப்பிரிவு_சிஸ்டர்
நல்ல கேள்வி. ஒன்றை மட்டும் முதலில் சொல்கிறேன், ஏனென்றால் தாமதத்தால் அதிகம் இழப்பது இதில்தான். விடியற்காலை வயிற்று வலி என்றால் முதலில் கண் இமையைப் பாருங்கள்.

கட்டுவிரியன் ராத்திரிப் பாம்பு. பாயில், தரையில் படுத்திருப்பவர்களைத் தூக்கத்திலேயே கடிக்கும். பல் மிகச் சிறியது, கடித்தது உறைக்காது, வீங்காது. எறும்போ கொசுவோ கடித்தது போல் இருக்கும், பலர் விழிக்கவே மாட்டார்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்து இழுக்கிற வலியும் வாந்தியும் வரும். வீட்டில் ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள்.

மணிக்கணக்கில் எப்படிப் போகும் என்று ஒரு பையனை வைத்துச் சொல்கிறேன். பதினோரு வயது, ஐப்பசி மழை, அம்மா பக்கத்தில் தரையில் படுத்தவன். மூன்றரை மணிக்கு வயிற்று வலியோடு எழுகிறான். நான்கரைக்குள் இரண்டு வாந்தி. காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, வயிறு மெத்தென்று இருக்கிறது. ஐந்தரைக்கு "தூக்கம் தெளியல" என்கிறார்கள். அந்த இடத்தில்தான் நீங்கள் உட்கார்ந்து முகத்தைப் பார்க்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் இருப்பவனுக்கு நெற்றி தளர்ந்திருக்கும். இவனுக்கு நெற்றியில் மடிப்பு மடிப்பாகச் சுருக்கம் விழுந்திருக்கும், புருவம் மேலே ஏறியிருக்கும். இமையைத் தூக்க முடியாமல் நெற்றியால் இழுத்துப் பிடிக்கிறான். கூப்பிட்டால் முகத்தை அண்ணாந்து, இமைக்குக் கீழே உள்ள இடுக்கு வழியாகப் பார்ப்பான்.

உங்கள் விரலை அவன் கண்ணுக்கு மேலே பிடித்து ஒரு நிமிடம் அதையே பார்க்கச் சொல்லுங்கள். நல்ல இமை நிற்கும். விஷம் ஏறியவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி கருவிழியை மூடும். ஆறு மணிக்கு எச்சில் விழுங்க முடியாமல் வாயோரம் வழியும், பேச்சு மூக்கால் வரும். ஆறரைக்குப் படுக்க வைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொன்னால் தூக்க முடியாது. அடுத்தது மூச்சு. நேரம் ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் இமை, தொண்டை, கழுத்து, மூச்சு என்று மேலிருந்து கீழே இறங்கும் வரிசை பெரும்பாலும் மாறாது.

ஓய்வு_செவிலி_அம்மா
சிஸ்டர் சொல்வது சரிதான், ஆனாலும் கடிவாய் பார்த்த பிறகு அனுப்புவதுதான் முறை. உடம்பு முழுக்க டார்ச் அடித்துப் பார்த்து ஒன்றும் இல்லை, வீக்கமும் இல்லை என்றால் பாம்பு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். விரியன் கடித்தால் கால் யானைக்கால் மாதிரி வீங்கும், எல்லோருக்கும் தெரியும்.

தாலுகா_மருத்துவர்
அம்மா, நீங்கள் சொல்வது கண்ணாடி விரியனுக்குச் சரி. அது கடித்தால் வீங்கும், ஈறில் ரத்தம் கசியும், ரத்தம் உறையாது. கட்டுவிரியனுக்குப் பெயரில் மட்டும்தான் விரியன். விஷம் நாகப்பாம்பு மாதிரி நரம்பைத் தாக்குவது. கடித்த இடத்தில் ஒன்றுமே தெரியாமல் இருப்பதுதான் இதில் வழக்கம். இந்தப் பெயர்க் குழப்பத்தால் "வீக்கம் இல்லை, அதனால் விரியன் இல்லை" என்று நிறுத்தி வைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனை கட்டுவிரியனில் சரியாகவே வரும். ரத்தம் உறைகிறது, விஷம் ஏறவில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. கடிவாயைத் தேடுவதில் தவறில்லை, கிடைத்தால் எழுதுங்கள். கிடைக்கவில்லை என்பதற்காக ஒரு நிமிடம்கூட நிறுத்தி வைக்காதீர்கள். தரையில் படுத்தவர், விடியலில் வயிற்று வலி, இமை இறக்கம், இந்த மூன்றும் இருந்தால் போதும். இமை இறங்காவிட்டாலும், முதல் இரண்டும் இருந்து வேறு காரணம் தெரியவில்லை என்றால் அன்றே மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்க வேண்டும். தசை முடக்கம் பல மணி நேரம் கழித்தும் தொடங்கும்.

மலையடி_செவிலி
சார், வாகனம் வரும்வரை நான் செய்ய வேண்டியது? இங்கே வேப்பிலையை மெல்லக் கொடுத்து, கசக்கவில்லை என்றால் விஷம் என்று பார்ப்பார்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவும் வைப்பார்கள்.

108_டெக்னீஷியன்
வேப்பிலை, மிளகு, உப்புத்தண்ணி எதுவுமே வாயில போகக் கூடாது சிஸ்டர். தொண்டை செயலிழந்த ஆளுக்கு அது நேரா நுரையீரலுக்குத்தான் போகும். வண்டி ஏறும்போது நல்லா மூச்சு விட்ட பையன் பாதி வழியில திணர்றதுக்கு வாந்தியும் எச்சிலும் அடைச்சிக்கிறது பெரிய காரணம். மல்லாக்கப் படுக்க வைக்காதீங்க. இடது பக்கமா ஒருக்களிச்சு, வாய் கொஞ்சம் கீழ பாத்த மாதிரி. பேச முடிஞ்சா ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டு எண்ணச் சொல்லி எத்தனை வருதுன்னு மணியோட எழுதுங்க. பெரியவங்க சாதாரணமா முப்பதைத் தாண்டுவாங்க. முதல்ல 28, கால் மணி நேரத்துல 19, அப்புறம் 12ன்னு இறங்குனா மூச்சு நிக்கப் போகுதுன்னு அர்த்தம். விரல்ல மாட்டுற ஆக்ஸிமீட்டர் கடைசி வரைக்கும் 97 காட்டும், அதை நம்பி உக்காரக் கூடாது.

கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம். பையன் நடக்கவும் வேண்டாம். போன்லயே "இமை தொங்குது, பாம்புக்கடி சந்தேகம், மூச்சு உதவி தேவைப்படலாம்"னு சொல்லுங்க. வெறும் வயித்து வலின்னு சொன்னா நாங்க தயாராகுற விதமே வேற.

தாலுகா_மருத்துவர்
எண்ணிக்கை விஷயம் மிக முக்கியம். சின்னக் குழந்தைக்கு அது ஒத்து வராது. அழுகையின் சத்தம் மெலிகிறதா, தலை நிற்கிறதா என்று பாருங்கள்.

விஷமுறிவு மருந்து முதல் தவணை 10 குப்பி. குழந்தைக்கும் பெரியவருக்கும் அதே அளவு. பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. ஒவ்வாமை வந்தால் சமாளிக்க அட்ரினலின் கையில் இருக்கும் இடத்தில் மட்டுமே ஏற்ற வேண்டும், துணை நிலையத்தில் கூடாது. கட்டுவிரியன் விஷம் நரம்பின் நுனியையே சேதப்படுத்துகிறது. அதனால் ஏற்கெனவே வந்துவிட்ட தசை முடக்கத்தை மருந்து உடனே திருப்பாது. ரத்தத்தில் மீதி இருக்கும் விஷம் மேலும் நரம்புக்குப் போகாமல் பிடிக்கும், அவ்வளவுதான். நரம்பு நுனி தானாக வளர்ந்து மீளும்வரை, சில நாட்கள், வென்டிலேட்டரில் வைத்திருந்தால் பிழைத்து எழுந்து நடப்பார்கள்.

108_டெக்னீஷியன்
அதனாலதான் நான் சொல்றேன், இமை இறங்கிட்டா 9 கி.மீ. நிலையத்துல நிறுத்தக் கூடாது. நேரா 34 கி.மீ. தாலுகாவுக்கு. அங்க இறக்கி, அங்க ஏத்தி, சீட்டு எழுதி, அரை மணி போயிடும். ராத்திரியில எல்லா நிலையத்துலயும் டாக்டர் இருக்க மாட்டாங்க.

தாலுகா_மருத்துவர்
இதில் நான் முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். மருந்து எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு பயன் என்பது கட்டுவிரியனில்தான் அதிகம் பொருந்தும், ஏனென்றால் பின்னால் கொடுத்தால் திருப்ப முடியாது. வழியில் இருக்கும் நிலையத்தில் மருத்துவரும் குப்பியும் இருக்கிறார்கள் என்று உறுதியானால் அங்கே ஏற்ற ஆரம்பித்துவிட்டுக் கூடவே ஒரு செவிலியரோடு அனுப்பலாம்.

108_டெக்னீஷியன்
மலைப்பாதையில மருந்து ஓடிட்டு இருக்கும்போது ஒவ்வாமை வந்தா வண்டியில யார் பாப்பாங்க சார்? கழுத்து தூக்க முடியாதவனை நான் எங்கயும் நிறுத்த மாட்டேன்.

அவசரப்பிரிவு_சிஸ்டர்
இரண்டு பேரும் சொல்வது அந்தந்த ஊரைப் பொறுத்தது. மலையடி சிஸ்டர், உங்கள் நிலையத்தில் இரவு மருத்துவர் இருக்கிறாரா, குப்பி எத்தனை இருக்கிறது, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை இருக்கிறதா என்று இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். நோயாளி வந்த பிறகு அதைத் தேட நேரம் இருக்காது.

மருந்தகம்_ராஜா
பாம்பு எப்பவாவது ஒண்ணு. தினம் வர்றது கேஸ் பிரச்சினை. கேள்விக்குப் பதில் சொல்லணும்னா, மேல்வயிறு எரிச்சலுக்கு முதல்ல பேன்டாப்ரசோல் 40, கூட ஒரு ஜெல் 10 மி.லி. கொடுங்க. ஏப்பம் வந்து வலி குறைஞ்சா கேஸ்தான், அனுப்பத் தேவையில்ல. குறையலன்னா அனுப்புங்க.

தாலுகா_மருத்துவர்
ராஜா, கேள்வி எந்த மாத்திரை என்பது இல்லை, எதை அன்றே அனுப்புவது என்பது. அதுவும் நீங்கள் சொல்லும் சோதனையில்தான் மாரடைப்புகள் நழுவுகின்றன.

இதயத்தின் அடிப்பக்கச் சுவர் வயிற்றையும் மார்பையும் பிரிக்கும் தசையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கே ரத்தம் நின்றால் வலி தொப்புளுக்கு மேலே, நெஞ்சுக் குழியில் வரும். குமட்டலும் ஏப்பமும் கூட வரும். ஜெல் குடித்தபின் குறைந்தது போல் தோன்றுவதும் உண்டு, ஏனென்றால் மாரடைப்பு வலியே சில சமயம் ஏறி இறங்கும். ஆகவே மருந்துக்குக் கேட்டது என்பதால் இதயம் இல்லை என்று ஆகிவிடாது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே வராமல் போகலாம். கிராமத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது வியர்வை. 50 வயதுக்கு மேல், அல்லது அதற்குக் குறைவாக இருந்தாலும் சர்க்கரை, கொதிப்பு, பீடி சிகரெட் உள்ளவர். நெஞ்சுக் குழியில் எரிச்சல் 15 நிமிடத்துக்கு மேல். மின்விசிறிக்குக் கீழேயும் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது, கையைத் தொட்டால் ஈரமும் குளிர்ச்சியும். தாடை, இடது தோள், முதுகு எங்காவது பிடிக்கிறதா என்று கேளுங்கள், ஆனால் இல்லை என்று சொன்னாலும் அனுப்புங்கள். இ.சி.ஜி. எடுக்காமல் இதை "கேஸ்" என்று சொல்ல யாராலும் முடியாது, என்னாலும் முடியாது.

ஓய்வு_செவிலி_அம்மா
இதயம் காப்போம் திட்டத்தில் துணை நிலையத்துக்கே மாத்திரை வந்திருக்கிறது, 2023 முதல். மொத்தம் 14: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரல் 75 நான்கு, அடோர்வாஸ்டாடின் 10 எட்டு. போனில் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கொடுத்து அனுப்ப வேண்டும். கொடுக்கும் முன் ஒரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும்: மலம் கருப்பாகப் போகிறதா? குடல் புண்ணில் ரத்தம் கசிகிற ஆளுக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் கொடுத்தால் கசிவு பெருக்கெடுக்கும்.

தாலுகா_மருத்துவர்
அருமை அம்மா. அதோடு, பக்கத்து வீட்டுத் தாத்தாவின் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை வாங்கி வைக்க விடாதீர்கள். அடிச்சுவர் மாரடைப்பில் ரத்த அழுத்தம் ஏற்கெனவே சரிந்திருக்கும், அது இன்னும் கீழே தள்ளும். நடக்க வைக்கவும் வேண்டாம், பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவரவும் வேண்டாம்.

உப்புசம்62
வணக்கம். எனக்கு மூன்று மாதமாகச் சாப்பிட்டதும் வயிறு உப்பி வருகிறது. சில நாள் மலமும் கருப்பாக இருக்கிறது. இது அன்றே போக வேண்டியதா? சீரகத் தண்ணீர் குடிக்கிறேன்.

அவசரப்பிரிவு_சிஸ்டர்
ஐயா, இந்த இழை சுகாதாரப் பணியாளர்களுக்கானது, ஆனாலும் கேட்டதற்குச் சொல்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கருக்கும். அது கெட்டியாக, கரும்பச்சை சாயலில் இருக்கும். தார் மாதிரி பளபளவென்று ஒட்டிக்கொண்டு, தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாமல், வழக்கத்துக்கு மாறான துர்நாற்றத்தோடு இருந்தால் அது ரத்தம். அப்படி இருந்தால் இன்றே போங்கள். எழுந்தால் தலை சுற்றினால் தனியாகப் போகாதீர்கள். உப்புசம் மட்டும் என்றாலும் மூன்று மாதம் காத்திருந்தது போதும், மருத்துவரைப் பாருங்கள்.

உப்புசம்62
சத்து மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. நாளை காலை போகிறேன்.

அவசரப்பிரிவு_சிஸ்டர்
நாளை அல்ல ஐயா, இன்றே.

மலையடி_செவிலி
பள்ளிக்கூடப் பையன்கள் பற்றியும் கேட்க வேண்டும். விடுதியில் 14 வயது, 15 வயது, அடி வயிற்றில் வலி என்று உட்கார்ந்திருப்பார்கள். கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். என்ன செய்வது?

தாலுகா_மருத்துவர்
விரைமுறுக்கு. பையனின் அடிவயிற்று வலியில் இதைப் பார்க்காமல் விடுவது நடந்துகொண்டே இருக்கிறது, காரணம் வெட்கம். விரை தன் கயிற்றிலேயே சுற்றிக்கொண்டு ரத்தம் நின்றுபோகிறது. வலி சட்டென்று தொடங்கும், தூக்கத்தில்கூட எழுப்பும், வாந்தி வரும். விரையும் வயிறும் ஒரே நரம்பு வழியைப் பகிர்வதால் அவன் கையை அடிவயிற்றில்தான் வைப்பான். முதல் 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்து திருப்பிவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றலாம். 12 மணி நேரத்துக்குமேல் வாய்ப்பு வேகமாகக் குறையும். 24 மணி நேரம் கடந்தால் பெரும்பாலும் எடுக்கத்தான் வேண்டும்.

நீங்கள் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதில்லை. கேள்வியை நேராகக் கேளுங்கள்: "கீழே விதையில வலிக்குதா, ஒண்ணு மேல ஏறின மாதிரி இருக்கா?" தனியாக, மற்ற பையன்கள் இல்லாத இடத்தில். அப்பாவோ ஆண் வார்டனோ பார்க்கட்டும். ஒரு பக்கம் மேலேறி, படுத்த வாக்கில், வீங்கி, தொட விடாமல் இருந்தால் முறுக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கிய மணியை எழுதுங்கள். இதற்கு நிலையம் வேண்டாம், அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் உள்ள இடத்துக்கு நேராக. மயக்க மருந்து தேவைப்படும் என்பதால் வழியில் டீ, பிஸ்கட் கொடுக்காதீர்கள்.

மருந்தகம்_ராஜா
இதுல ஒரு சோதனை இருக்கு சார். விதையைக் கையால மேல தூக்கிப் பிடிச்சா வலி குறைஞ்சா அது கிருமித் தொற்று, ஆன்டிபயாடிக் போதும். குறையலன்னாதான் முறுக்கு.

தாலுகா_மருத்துவர்
அப்படி ஒரு சோதனை இருப்பது உண்மைதான், ராஜா. ஆனால் முறுக்கு உள்ளவர்களிலும் சிலருக்கு வலி குறைகிறது. அதை நம்பி மாத்திரை கொடுத்து அனுப்பி, மூன்றாம் நாள் கருத்த விரையோடு வருவார்கள். வளரும் பையனுக்குச் சட்டென்று வந்த வலியைத் தொற்று என்று சொல்வதற்கு முன் அறுவை மருத்துவர் பார்த்திருக்க வேண்டும்.

ஓய்வு_செவிலி_அம்மா
பெண்கள் பக்கம் நான் சொல்கிறேன், இது எங்கள் வேலை.

ஏழாம் மாதம், எட்டாம் மாதம் கர்ப்பிணி "நெஞ்சுக்குக் கீழ எரியுது, அசிடிட்டி" என்பாள். கை அவள் வயிற்றின் மேல்பக்கம், வலது விலாவுக்குக் கீழே இருக்கும். அங்கே கல்லீரல் வீங்கி அதன் உறை இழுபடுகிறது. முதலில் கொதிப்புப் பாருங்கள். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கை இதய மட்டத்தில், பேச்சுக் கொடுக்காமல். 140/90 வந்தால் அன்றே அனுப்ப வேண்டும். 160/110 என்றால் அந்த நிமிடமே. பிறகு கண்ணைப் பற்றிக் கேளுங்கள்: மங்கலாகத் தெரிகிறதா, பூச்சி பறக்கிறதா? தலை வலிக்கிறதா? ஜெல் குடித்துவிட்டுப் படுத்தவள் ராத்திரி வலிப்பில் எழுவாள். பிரசவம் முடிந்துவிட்டது, இனி பயமில்லை என்றும் நினைக்கக் கூடாது. பிள்ளை பெற்று ஆறு வாரம் வரை இந்தக் கொதிப்பும் வலிப்பும் வரலாம். வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் தலைவலி என்றால் சும்மா விடாதீர்கள்.

இன்னொன்று கருக்குழாயில் தங்கிய கரு. நாள் தள்ளிய பெண்ணுக்கு ஒரு பக்க அடிவயிற்று வலி, கொஞ்சம் உதிரம், எழுந்தால் கண் இருட்டுகிறது. குழாய் வெடித்து உள்ளே ரத்தம் தேங்கினால், படுக்கும்போது தோள்பட்டை நுனியில் வலிக்கும். தோளில் அடிபட்டதா என்று கேட்டால் இல்லை என்பாள். வயிற்றில் தேங்கிய ரத்தம் மேலே வயிற்றையும் மார்பையும் பிரிக்கும் தசையை உறுத்துகிறது. அதன் நரம்பு கழுத்திலிருந்து வருவதால் வலி தோளில் தெரிகிறது.

மலையடி_செவிலி
அம்மா, குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்தவர்களுக்கு இதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை அல்லவா?

ஓய்வு_செவிலி_அம்மா
அங்கேதான் தவறு நடக்கிறது, மகளே. அறுவை செய்தவருக்குக் கரு தங்குவது அரிது. ஆனால் தப்பித் தங்கினால் அது குழாயிலேயே மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கட்டிய இடம் சிறு வழி விட்டிருக்கும், விந்தணு நுழையும், கருவால் திரும்பி வர முடியாது. "ஆபரேஷன் பண்ணியாச்சு" என்ற ஒரு வார்த்தையைக் கேட்டு யாரும் சிறுநீர்ச் சோதனை செய்வதில்லை. அவளுக்கும் கிட் வைத்துப் பாருங்கள். இரண்டு கோடு வந்து வலியும் இருந்தால் நிலையத்தில் நிறுத்தாமல், ரத்தம் ஏற்றி அறுவை செய்யும் வசதி உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

நாடியைக் கையில் பிடித்து முழு நிமிடம் எண்ணுங்கள். இளம் பெண்ணுக்கு ரத்தம் நிறைய போன பிறகும் கொதிப்பு 110/70 என்றே காட்டும், நாடி மட்டும் 110, 120 என்று ஓடும். கொதிப்பு விழும்போது நேரம் முடிந்திருக்கும்.

விடுதி_காப்பாளர்
திருமணமாகாத பெண்ணிடம் இதைக் கேட்பது எப்படி? அம்மா பக்கத்தில் நிற்பார். நாங்கள் கேட்டால் பெரிய சண்டையாகிவிடும்.

ஓய்வு_செவிலி_அம்மா
நாள் தள்ளியதா என்று கேட்க வேண்டாம். "கடைசியா குளிச்சது என்னைக்கு?" என்று தேதியைக் கேளுங்கள், அது எல்லாப் பெண்ணிடமும் கேட்கும் கேள்வி. "சிறுநீரில் சர்க்கரை, உப்பு பார்க்க வேண்டும்" என்று தனியே அழைத்துப் போய்ப் பேசுங்கள்.

அவசரப்பிரிவு_சிஸ்டர்
தனியே அழைப்பது சரி அம்மா. ஆனால் சர்க்கரை பார்ப்பதாகச் சொல்லி அவளுக்குத் தெரியாமல் கர்ப்பச் சோதனை செய்வது எனக்கு ஒப்பவில்லை. தனியே வந்தபின் அவளிடம் சொல்லிவிட்டுச் செய்யலாம். மறுத்தால், மயக்கமும் நாடியும் போதுமே, சோதனை இல்லாமலே அனுப்பலாம்.

ஓய்வு_செவிலி_அம்மா
அந்த வீடுகளில் நின்று பார்த்தால் தெரியும். சொன்னால் அந்தப் பெண்ணே பயந்து சிறுநீர் தர மாட்டாள். இதில் எனக்கு இன்னும் வேறு வழி தெரியவில்லை.

தாலுகா_மருத்துவர்
காய்ச்சல் சீசன் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். டெங்குவில் காய்ச்சல் விட்ட நாளைத்தான் கவனிக்க வேண்டும். மூன்று, நான்கு நாள் அடித்த காய்ச்சல் இறங்குகிறது, அம்மா சந்தோஷப்படுகிறார், அதே நேரம் பிள்ளை விடாமல் வயிறு வலிக்கிறது என்கிறது, திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிறது, கை கால் சில்லிடுகிறது. ரத்த நாளத்திலிருந்து நீர் கசிகிறது. காய்ச்சல் இல்லை என்று வீட்டில் வைக்கக் கூடாத நாள் அது.

மலையடி_செவிலி
எல்லோருக்கும் நன்றி. அனுப்பும் சீட்டில் என்ன எழுத வேண்டும்? நான் இதுவரை "வயிற்று வலி, வாந்தி, மேல் சிகிச்சைக்கு" என்று மட்டும் எழுதி வந்தேன்.

அவசரப்பிரிவு_சிஸ்டர்
அந்தச் சீட்டோடு வந்தால் வாசலில் இருப்பவர் பொது ஓ.பி. வரிசையைக் காட்டுவார். முதல் வரியில் வயிறு வேண்டாம், நீங்கள் வேறு இடத்தில் கண்டதை எழுதுங்கள், மணியோடு. அந்தப் பையனுக்கு இப்படி:

"தரையில் படுத்தவன். 3.30 வயிற்று வலி. 5.40 இரண்டு இமையும் இறக்கம். 6.05 எச்சில் வழிகிறது. ஒரே மூச்சில் எண்ணியது 5.45க்கு 21, 6.10க்கு 13. கடிவாய் தெரியவில்லை. கட்டுவிரியன் சந்தேகம். வாய்வழி எதுவும் தரவில்லை."

இதைப் படிப்பவர் எழுந்து நிற்பார். போனிலும் இதையே படியுங்கள்.

108_டெக்னீஷியன்
ஒண்ணே ஒண்ணு. அந்தச் சீட்டுல "மயக்கம்"னு எழுதாதீங்க. இமை மூடி, கை கால் அசையாம, கூப்பிட்டா பதில் இல்லாம கிடப்பாங்க. கண்பாப்பா விரிஞ்சு டார்ச்சுக்குச் சுருங்காம இருக்கும். பாத்தவங்க உயிர் போச்சுன்னே சொல்லிடுவாங்க. ஆனா காது கேக்கும், வலி தெரியும். அழுவுறவங்களை வண்டியில இருந்து இறக்கிட்டு, இமையைக் கையால தூக்கி, "தம்பி, மூச்சு நான் விடுறேன், நீ பயப்படாத"ன்னு சொல்லிட்டே பையை அழுத்தணும். பெரியவங்களுக்கு அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை, பிள்ளைகளுக்கு அதைவிட வேகமா, நெஞ்சு எழும்புற அளவுக்கு. ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது.

மலையடி_செவிலி
எங்கள் துணை நிலையத்தில் ஆம்பு பை ஒன்று இருக்கிறது. பெரியவர்களுக்கான முகக்கவசம் மட்டும்தான், குழந்தை அளவு இல்லை. திங்கட்கிழமை கேட்டு வாங்குகிறேன். இரவு மருத்துவர், குப்பி எண்ணிக்கை இரண்டையும் கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.